41 சதவீதம் கைமாறிய ஆலை: கட்டாய ஓப்பன் ஆஃபரில் ஒரு சிறு பங்குதாரருக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

பின்னணி

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் சாலையில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறிய நூற்பாலை ஒன்று உண்டு. அதன் மொத்தப் பங்குகள் 50 லட்சம். முகமதிப்பு 10 ரூபாய். ஆலையைத் தொடங்கிய குடும்பத்தார், அதாவது புரமோட்டர்கள், 20,50,000 பங்குகளை வைத்திருந்தார்கள். இது 41 சதவீதம். மீதமுள்ள 29,50,000 பங்குகள் 1990களில் பொது வெளியீட்டின்போது வாங்கிய ஆலை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள் ஆகியோரிடமும் அவர்களுடைய வாரிசுகளிடமும் சிதறிக் கிடந்தன. ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். கணக்குப் பார்க்க வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

மதுரையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தை நடத்தி வருபவன் என்ற முறையில், இந்த நிகழ்வில் இரண்டு பங்குதாரர்களுடன் நேரடியாகத் தொடர்பில் இருந்தேன். ஒருவர் திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவர் அந்த ஆலையிலேயே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், 2016இல் காலமானார். டீச்சரிடம் மொத்தம் 860 பங்குகள் இருந்தன. அவற்றில் 560 அவர் பெயரில் டீமேட் கணக்கில் இருந்தன. 300 பங்குகள் கணவர் பெயரை முதலாவதாகவும் அவர் பெயரை இரண்டாவதாகவும் கொண்ட மூன்று காகிதச் சான்றிதழ்களாக வீட்டு பீரோவில் இருந்தன. இன்னொருவர் அதே ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவரிடம் 1,400 பங்குகள், எல்லாம் டீமேட்டில்.

இந்தப் பங்கின் முக்கியமான குணம், அது விற்பனைக்கு அரிதாகவே வரும் என்பதுதான். முந்தைய 12 மாதங்களில் கைமாறியவை மொத்தம் 1,60,000 பங்குகள். மொத்தப் பங்குகளில் 3.2 சதவீதம் மட்டுமே. விலை 112 ரூபாய் அளவில் நின்றது. திரையில் 112 என்று தெரிந்தாலும், ஒருவர் ஒரே நாளில் ஆயிரம் பங்குகளை விற்க முனைந்தால் வாங்க ஆள் இருக்காது, விலை சரிந்துவிடும். இதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இது அடிப்படையாக இருந்தது.

அறிவிப்பு

2023 ஜூன் மாத இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கொங்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு நூல் வணிகக் குழுமம், புரமோட்டர் குடும்பத்தாரின் 41 சதவீதப் பங்குகளையும் பங்குக்கு 168 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் செய்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2011ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் விதிகளின்படி, ஒருவரும் அவருடன் சேர்ந்து செயல்படுவோரும் வைத்திருக்கும் வாக்குரிமை 25 சதவீதத்தை எட்டும்படியான ஒப்பந்தம் கையெழுத்தானால், அன்றைக்கே பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால், சதவீதம் எதுவாக இருந்தாலும் அதே கடமை உண்டு. இங்கே இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன.

அறிவிப்பின் சாரம் இதுதான்: வாங்குபவர், பொதுமக்களிடமிருந்து மேலும் 26 சதவீதப் பங்குகள் வரை, அதாவது 13,00,000 பங்குகள் வரை, பங்குக்கு 168 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வருகிறார். இதுதான் ஓப்பன் ஆஃபர்; கீழே சலுகை என்று சொல்வதும் இதையே. ‘முன்வருகிறார்’ என்பது சட்ட நடை. உண்மையில் அவருக்கு வேறு வழியில்லை.

அடுத்த வாரம், ஐந்து வேலை நாட்களுக்குள், விரிவான அறிவிப்பு நாளிதழ்களில் வந்தது. பதிவு அலுவலகம் இருக்கும் ஊரின் மொழியிலும் அதை வெளியிட வேண்டும் என்பதால் தமிழ் நாளிதழிலும் முழுப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் வந்திருந்தது. டீச்சர் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். “தம்பி, ஆலையைத்தானே வித்திருக்காங்க, எங்கிட்ட எதுக்கு வாங்குறாங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவருக்குச் சொன்ன விளக்கம்

அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. விதியின் அடிப்படையே அதற்கான பதிலில்தான் இருக்கிறது என்பதால், அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

112 ரூபாய்க்கு விற்கும் பங்கை ஒருவர் 168 ரூபாய் கொடுத்து வாங்குகிறார் என்றால், கூடுதலாகக் கொடுக்கும் 56 ரூபாய் ஆலையை நடத்தும் அதிகாரத்துக்கான விலை. அந்த அதிகாரம் புரமோட்டர் குடும்பத்தின் தனிச் சொத்து அல்ல. டீச்சர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் தங்கள் பணத்தை ஒப்படைத்துவிட்டு, ‘நீங்கள் நடத்துங்கள்’ என்று ஒதுங்கி நின்றதால்தான் 41 சதவீதம் வைத்திருந்தவர்களால் முழு ஆலையையும் நடத்த முடிந்தது. ஆகவே அந்த அதிகாரம் விலைபோகும்போது, கிடைக்கும் கூடுதல் விலையில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு என்று விதி கருதுகிறது.

இரண்டாவது காரணம், பங்கு வாங்கியபோது அவர்கள் நம்பிய ஆள் மாறுகிறார் என்பது. புதியவர் ஆலையை நன்றாகவும் நடத்தலாம்; ஆலையின் நிலத்தில் மட்டும் கண் வைத்திருக்கலாம்; தன் வேறு நிறுவனங்களிடம் கூடுதல் விலைக்குப் பஞ்சு வாங்க வைக்கலாம். இவற்றில் எது நடக்கும் என்பது சிறு பங்குதாரருக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்தாலும் தடுக்கும் வாக்குப் பலம் அவரிடம் இல்லை. பெரிய முதலீட்டு நிதி ஒன்று கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம். 860 பங்கு வைத்திருப்பவருக்கு உள்ள ஒரே நடைமுறைப் பாதுகாப்பு வெளியேறுவதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் 3.2 சதவீதமே கைமாறும் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற முடியாது. அதனால்தான் வாங்குபவரே வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துகிறது.

இந்த எல்லைகள் எப்போதும் இப்படியே இருந்தவையல்ல. 1997ஆம் ஆண்டு விதிகளில் 15 சதவீதத்தைத் தொட்டாலே கடமை பிறந்தது. ஆனால் 20 சதவீதம் வாங்க முன்வந்தால் போதும். செபி அமைத்த அச்சுதன் குழு அதை மறுஆய்வு செய்து, எல்லையை 25 ஆக உயர்த்தவும், மீதமுள்ள எல்லாப் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. 25 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: நிறுவனத்தின் முக்கிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை என்பதால், கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் அதைத் தடுக்கும் வலிமை பெறுகிறார். முதல் பரிந்துரையைச் செபி ஏற்றது. இரண்டாவதை ஏற்காமல் 26 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டது. டீச்சருக்குக் கடைசியில் எவ்வளவு கிடைத்தது என்பதை நிர்ணயித்தது அந்த 26தான்.

விலையில் கண்ட குறை

நாளிதழ்ப் பக்கத்தை டீச்சருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோது, ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகள் என்ற பகுதியில் ஒரு வாக்கியம் என் கண்ணில் பட்டது. புரமோட்டர் குடும்பத்தின் மூத்தவர் மூன்று ஆண்டுகளுக்கு நூல் தொழிலில் ஈடுபடாமல் இருப்பதற்காக, அவருக்குத் தனி ஒப்பந்தத்தின் மூலம் 1 கோடியே 64 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்றிருந்தது.

ஓப்பன் ஆஃபரின் குறைந்தபட்ச விலை பல அளவுகோல்களில் எது அதிகமோ அதுவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பேசிய விலை, வாங்குபவர் கடந்த 52 வாரங்களில் வாங்கியிருந்தால் அதன் சராசரி, கடந்த 26 வாரங்களில் அவர் கொடுத்த உச்ச விலை ஆகியவை அவற்றுள் அடங்கும். அடிக்கடி கைமாறும் பங்காக இருந்தால் 60 வர்த்தக நாள் சராசரியும் சேரும். இந்தப் பங்கு ஆண்டுக்கு 10 சதவீதம் கைமாற வேண்டும் என்ற அளவை எட்டாததால், 60 நாள் சராசரிக்குப் பதிலாக மதிப்பீட்டாளர் ஒருவர் புத்தக மதிப்பு முதலியவற்றைக் கொண்டு 151 ரூபாய் என மதிப்பிட்டிருந்தார். வாங்குபவர் முன்பு பங்கு எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆகவே 168 என்று நிர்ணயித்திருந்தார்கள்.

ஆனால் அதே விதி, பங்குகளுக்காகவோ கட்டுப்பாட்டுக்காகவோ எந்த வடிவத்தில், எந்தத் துணை ஒப்பந்தத்தில் பணம் கொடுத்தாலும், அதற்குப் போட்டியிடாமைக் கட்டணம் என்று பெயரிட்டாலும், அதையும் விலையில் சேர்க்க வேண்டும் என்கிறது. பழைய விதிகளில் சலுகை விலையில் 25 சதவீதம் வரை போட்டியிடாமைக் கட்டணமாகத் தனியே கொடுக்க இடம் இருந்தது. புரமோட்டர்களுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்க அது வழியாகப் பயன்பட்டதால் 2011இல் அந்தக் கதவை மூடினார்கள். 1.64 கோடியை 20,50,000 பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 8 ரூபாய் வருகிறது. ஆகவே விலை 176 ஆக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எழுதிக் கேட்பது. விரிவான அறிவிப்பில் சலுகை மேலாளரான மெர்ச்சண்ட் பேங்கரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். டீச்சரின் பெயரில், மேற்சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டி, வகுத்த கணக்கையும் போட்டு, ஒன்றரைப் பக்கக் கடிதம் அனுப்பினோம். செபிக்கும் ஒரு நகல் போனது. குற்றச்சாட்டு மொழி எதையும் பயன்படுத்தவில்லை. வரைவுச் சலுகைக் கடிதம் செபியின் பரிசீலனையில் இருக்கும் வாரங்களில் எழுதுவதுதான் பலன் தரும். சலுகை திறந்த பிறகு விலையை மாற்ற முடியாது.

இரண்டாவது முடிவு, சந்தையில் இப்போதே விற்பதா, காத்திருப்பதா என்பது. அறிவிப்பு வந்ததும் சந்தை விலை 112இலிருந்து 158க்கு ஏறியிருந்தது. அண்ணாச்சி, “கைக்கு வந்த காசு போதும்” என்று 1,400 பங்குகளையும் அந்த வாரமே 158க்கு விற்றுவிட்டார். அறிவிப்புக்குப் பிந்தைய சில நாட்கள் மட்டும் வாங்குவோர் வரிசையில் நின்றதால் அது முடிந்தது. விலை 176 ஆனால் பங்குக்கு 18 ரூபாயை இழக்கிறாரே என்று அப்போது நான் வருந்தினேன். பிற்பாடு கணக்குப் பார்த்தபோது என் வருத்தம் பெரும்பாலும் தேவையற்றது என்று தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

டீச்சர் காத்திருக்க விரும்பினார். ஆனால் காத்திருந்தால் எல்லாப் பங்குகளும் 176க்குப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குபவரின் கடமை 13,00,000 பங்குகளோடு முடிகிறது; பொதுமக்களிடம் இருப்பவையோ 29,50,000. எல்லோருமே கொடுக்க முன்வந்தால், ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கு 44 பங்குகளே எடுத்துக்கொள்ளப்படும், மீதி திரும்பிவிடும். இந்த மோசமான நிலையையே அடிப்படையாக வைத்து முடிவெடுக்கச் சொன்னேன். கணவர் நினைவாகச் சில பங்குகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னபோது, எப்படியும் சில திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் எல்லாவற்றையும் கொடுக்க முன்வருமாறு ஆலோசனை கூறினேன். ஒருமுறை ஒப்படைத்தால் திரும்பப் பெற முடியாது என்பதையும் சொன்னேன்.

மூன்றாவது, காகிதச் சான்றிதழ்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளைக் கைமாற்ற முடியாது என்றாலும், ஓப்பன் ஆஃபரில் அவற்றைக் கொடுக்கலாம் என்று செபி 2020இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே அவசரமில்லை, சலுகை திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எண்ணினேன். இந்த முடிவு பிழையானது.

நடந்தது

ஆவணி மாதத்தில் இறுதிச் சலுகைக் கடிதம் வந்தது. விலை 176 ரூபாய் என்றிருந்தது. தனி ஒப்பந்தத்தின் தொகையைப் பங்கு விலையில் சேர்த்துக் கணக்கிட்டதாக ஒரு பத்தி விளக்கமும் இருந்தது. எங்கள் கடிதம் காரணமா, பரிசீலனையில் செபியே கேட்டதா என்று கடிதத்தில் இல்லை. மொத்தச் சலுகைத் தொகை 21.84 கோடியிலிருந்து 22.88 கோடியாக உயர்ந்தது; அதற்கேற்ப எஸ்குரோ கணக்கில் முன்பு போட்டிருந்த 5.46 கோடி 5.72 கோடியானது. சலுகைத் தொகையில் 500 கோடி வரையிலான பகுதிக்கு 25 சதவீதத்தை இப்படி முன்பணமாகக் கட்டிவைக்க வேண்டும் என்பது விதி. வாங்குபவர் பின்வாங்கினால் சிறு பங்குதாரர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

செப்டம்பரில் பத்து வேலை நாட்களுக்குச் சலுகை திறந்திருந்தது. முதல் நாளே டீச்சரின் 560 டீமேட் பங்குகளுக்குப் பங்குச் சந்தையின் தனிச் சாளரம் வழியாக விண்ணப்பம் பதிந்தோம். பங்குகள் அவர் கணக்கை விட்டுப் போகாமல், வேறு யாருக்கும் விற்க முடியாதபடி அங்கேயே லியன் குறியிடப்பட்டு நின்றன.

காகிதப் பங்குகளின் கதை வேறு விதமாக முடிந்தது. மூன்று சான்றிதழ்களையும் மேசையில் விரித்துப் பார்த்தபோதுதான் எல்லாச் சிக்கலும் ஒன்றாகத் தெரிந்தது. முதல் பெயர் காலமானவருடையது. அதை நீக்க இறப்புச் சான்றிதழுடன் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவாளருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டீச்சரின் பெயர் சான்றிதழில் ஓர் எழுத்து முன்னொட்டோடும், பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயரோடும் இருந்தது. 1994இல் போட்ட கையெழுத்து தமிழில். இப்போது வங்கியில் போடுவது ஆங்கிலத்தில். வங்கி மேலாளர் கையொப்பச் சான்று கொடுக்க நான்கு நாட்கள் எடுத்தார். ஆவணங்களைக் கூரியரில் அனுப்பினோம். பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று பதிவாளர் அலுவலகம் திருப்பி எழுதியது. பத்திரம் தயாரான மாலையில் சலுகை மூடிவிட்டது. காகிதப் பங்கு ஆவணங்கள் மூடும் நாளுக்குள் பதிவாளரின் கைக்கே போய்ச் சேர வேண்டும். அஞ்சலில் போட்ட தேதி கணக்கில் வராது.

மொத்தம் 18,20,000 பங்குகள் கொடுக்க முன்வரப்பட்டிருந்தன. எடுத்துக்கொள்ளப்பட்டவை 13,00,000, அதாவது ஏழுக்கு ஐந்து. டீச்சரின் 560இல் 400 போய், 160 லியன் நீங்கித் திரும்பின. மூடிய பத்து வேலை நாட்களுக்குள் 70,400 ரூபாய், வரியும் கட்டணமும் நீங்கலாக, வரவு வைக்கப்பட்டது. புதிய உரிமையாளரின் பங்கு 67 சதவீதமாயிற்று. பொதுமக்களிடம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதிக்கு இடையூறு வரவில்லை.

சலுகை முடிந்த மூன்றாவது வாரம் சந்தை விலை 121 ரூபாய். இந்த இடத்தில் அண்ணாச்சியின் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். அவர் காத்திருந்தால் 1,000 பங்குகள் 176க்குப் போய் 1,76,000 ரூபாயும், திரும்பிய 400 பங்குகளை 121க்கு விற்றால் 48,400 ரூபாயும், ஆக 2,24,400 ரூபாய் கிடைத்திருக்கும். 158க்கு விற்று அவர் பெற்றது 2,21,200. வித்தியாசம் 3,200 ரூபாய். அதுவும் வறண்ட சந்தையில் 400 பங்குகளை 121க்கே விற்க முடிந்தால்தான். சந்தையில் தெரிந்த 158 என்ற விலையிலேயே, எல்லாப் பங்குகளும் எடுத்துக்கொள்ளப்படாது என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருந்தது. அப்போது அறிவித்திருந்த 168ஐயும் 158ஐயும் மட்டும் வைத்து ஒப்பிட்டவர்கள் இதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பின்தொடர்ச்சி

சலுகைக் காலம் முடிந்த 26 வாரங்களுக்குள் வாங்குபவர் பேரம் பேசி 176க்கு மேல் யாரிடமாவது பங்கு வாங்கினால், சலுகையில் கொடுத்த எல்லோருக்கும் வித்தியாசத்தைத் தர வேண்டும். அதனால் காலாண்டுதோறும் பங்குதாரர் பட்டியலைப் பார்த்து வந்தேன். 67 சதவீதம் மாறவில்லை.

டீச்சரிடம் இப்போது 460 பங்குகள் இருக்கின்றன. காகிதப் பங்குகள் 300க்கும் பெயர் நீக்கமும் கையொப்பச் சான்றும் முடிந்து, அவை டீமேட்டுக்கு மாற ஐந்து மாதங்கள் ஆயின. அவை சலுகையில் சேர்ந்திருந்தால், விகிதம் ஏறத்தாழ அதேதான் என்பதால், 214 பங்குகள் போயிருக்கும். 121க்கும் 176க்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 11,800 ரூபாய் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அந்த இழப்புக்கு என் தாமதமே காரணம் என்று அவரிடம் சொன்னேன்.

இனி மாற்றிச் செய்வது

பொது அறிவிப்பு வந்த அன்றே காகிதச் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். அறிவிப்புக்கும் சலுகை திறப்பதற்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. பெயர் நீக்கம், பெயர் வேறுபாட்டு உறுதிமொழி, வங்கியின் கையொப்பச் சான்று மூன்றும் அதற்குள் முடிந்திருக்கும். சலுகை திறந்த பிறகு இருக்கும் பத்து நாட்கள், எல்லாம் தயாராக இருப்பவர்களுக்கே போதும்.

விலையைப் பொறுத்தவரை, விரிவான அறிவிப்பில் ஒப்பந்த நிபந்தனைகள் பகுதியைத்தான் முதலில் படிக்கிறேன். போட்டியிடாமை, ஆலோசகர் கட்டணம், வர்த்தகப் பெயருக்கான தொகை என்று புரமோட்டருக்குத் தனியே போகும் எந்தப் பணத்தையும் அவருடைய பங்குகளால் வகுத்துப் பார்க்கிறேன். சந்தையில் விற்பதா, காத்திருப்பதா என்று கேட்பவர்களுக்கு, எல்லாப் பொதுப் பங்குதாரர்களும் கொடுக்க முன்வந்தால் நூற்றுக்கு எத்தனை போகும் என்ற எண்ணையும், சலுகைக்கு முந்தைய விலையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். இந்த ஆலைக்கு அந்தக் கணக்கை எழுதியிருந்தால் 44 பங்கு 176க்கும் 56 பங்கு 112க்கும் சேர்ந்து சராசரி 140 ரூபாய் என்று வந்திருக்கும். அண்ணாச்சி அதைப் பார்த்திருந்தாலும் 158க்கே விற்றிருப்பார். ஆனால் கணக்குத் தெரிந்து விற்றிருப்பார். டீச்சர் அதைப் பார்த்திருந்தால் பாதியையாவது அப்போதே விற்றிருப்பாரா என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “காகிதத்தை மட்டும் முன்னாடியே எடுத்துட்டு வந்திருப்பேன் தம்பி” என்றார்.